ஒரு கோடியும் ஒன்பதாவது வருடமும்: என் ஏஐஎஃப் அனுபவம்

பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில் பாதிக்கு மேல் மரம் சாய்ந்தது. மறுபடி கன்று வைத்துப் பார்த்தும் மனசு ஒட்டவில்லை. 2017ல் ப்ளாட் போடுகிறவர்கள் நல்ல விலை கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். வரி எல்லாம் போக கையில் ஒரு கோடியே நாற்பது லட்சம் நின்றது. அந்தப் பணம் கடலூரில் என் வங்கிக் கணக்கில் ஏறிய நாலாவது நாள், அதுவரை எட்டிப் பார்க்காத ஒரு அதிகாரி புதுச்சேரி கிளையிலிருந்து போன் செய்து, "சார், உங்கள மாதிரி கிளையண்டுக்கு மட்டும் ஒரு ஃபண்ட் இருக்கு" என்றார்.

அதுதான் ஏஐஎஃப், அதாவது மாற்று முதலீட்டு நிதி. பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான செபியின் 2012 விதிகளின்படி நடக்கிற சமாச்சாரம், ஏமாற்று வேலை இல்லை. மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி ஐநூறு ரூபாயில் நுழைய முடியாது. குறைந்தபட்சம் ஒரு கோடி. எனக்குச் சொன்னது இரண்டாம் வகை. பங்குச்சந்தைக்கு வராத நடுத்தர கம்பெனிகளில் பங்கு வாங்கி, நாலைந்து வருடம் வைத்திருந்து விற்று, பணத்தைத் திருப்பித் தருவார்கள். ஆறு வருடம் பூட்டு என்றார்கள். முந்திரி வைத்தவனுக்கு ஆறு வருடம் காத்திருப்பது பெரிதாகத் தெரியவில்லை.

கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில் ஃபில்டர் காபியோடு படம் போட்டுக் காட்டினார்கள். கையில் நூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். பிபிஎம் என்பார்கள், ஃபண்டின் முழு ஜாதகம் அது. நான் முதல் பத்துப் பக்கம் படித்தேன். என்னை விழுங்கிய மூன்று விஷயமும் நாற்பதாம் பக்கத்துக்கு அப்புறம்தான் இருந்தன.

முதலாவது, ஒரு கோடி என்பது அன்றைக்கே கட்டுகிற தொகை இல்லை. 'தருகிறேன்' என்று எழுதிக்கொடுக்கிற வாக்கு. அதற்குக் கமிட்மென்ட் என்று பெயர். அவர்கள் கேட்கக் கேட்க நாம் கட்ட வேண்டும். எனக்கு 2017 ஆகஸ்டில் 10 லட்சம் கேட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் 20. 2019 ஜனவரியில் 25, செப்டம்பரில் இன்னொரு 25. கேட்பு மெயில் வந்தால் பதினைந்து நாளில் பணம் போய்ச் சேர வேண்டும்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மீதி கேட்க மாட்டார்கள் என்று நானாகவே முடிவு செய்து, எடுத்து வைத்திருந்த தொகையை என் முந்திரி வியாபாரத்தில், பச்சைக்கொட்டை கொள்முதலில் போட்டுவிட்டேன். 2020 ஜூலையில், ஊரே அடைந்து கிடந்த நேரத்தில், 15 லட்சம் கேட்டு மெயில் வந்தது. குடோனில் உடைத்த பருப்பு டின் டின்னாக நிற்கிறது, வாங்க ஆள் இல்லை. ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். கெடு தாண்டினால் 18 சதவீத வட்டி, அதற்கு மேலும் இழுத்தால் என் யூனிட்டில், அதாவது ஃபண்டில் எனக்குள்ள பங்கில், பாதியை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "ஏங்க, பணக்காரங்க போடுற ஃபண்டுக்கு என் நகைய வைக்கணுமா?" என்று என் மனைவி கேட்டதற்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை. பதினாலாவது நாள் பணம் கட்டினேன்.

இரண்டாவது, கட்டணம். வருடத்துக்கு 2 சதவீதம்தானே என்று நினைத்தேன். எதன் மேல் 2 சதவீதம் என்று கேட்கவில்லை. முதல் நாலு வருடம் அது நான் கட்டிய பணத்தின் மேல் இல்லை, கட்டுகிறேன் என்று சொன்ன முழு ஒரு கோடியின் மேல். ஆக 2 லட்சம், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி 36 ஆயிரம், மொத்தம் 2 லட்சத்து 36 ஆயிரம். முதலில் நான் கட்டியது வெறும் 10 லட்சம். அதில் இந்தக் கட்டணம் போக, முதலீட்டுக்குப் போனது 7 லட்சத்து 64 ஆயிரம். நாலு வருடத்தில் 9 லட்சத்து 44 ஆயிரம் இப்படியே போயிற்று. அதற்குப் பிறகுதான், திரும்பி வராமல் நிற்கிற முதலின் மேல் மட்டும் என்று கணக்கு மாறியது.

மூன்றாவது, கடிகாரம். ஆறு வருடம் என்பதை நான் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆவணப்படி, கடைசி முதலீட்டாளரையும் சேர்த்து ஃபண்டை மூடிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அது 2018 மார்ச். ஆக கெடு 2024 மார்ச். அதற்கு மேலும் இரண்டு வருடம் வரை நீட்டிக்க செபி இடம் தருகிறது, மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு யூனிட்தாரர் சம்மதித்தால் போதும்.

2024 ஜனவரியில் அந்த ஓட்டுச்சீட்டு வந்தது. கூடவே ஒரு கணக்குத்தாள்: 'உங்கள் முதலீடு 1.4 மடங்கு ஆகியிருக்கிறது.' சந்தோஷத்தோடு புதுச்சேரியில் என் ஆடிட்டரிடம் எடுத்துப் போனேன். என் அப்பா காலத்து மனிதர். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று வரி எழுதினார். கட்டியது 95 லட்சம். கைக்கு வந்தது 57 லட்சம். பாக்கிக் கம்பெனிகளின் மதிப்பு என்று அவர்கள் சொல்வது 76 லட்சம்.

"தம்பி, 57யும் 76யும் கூட்டினா 133. அத 95ஆல வகுத்தா 1.4. கணக்கு சரிதான். ஆனா 57 பணம், 76 அபிப்பிராயம். கைக்கு வந்தத மட்டும் வகு."

0.6. ஆறரை வருடம் கழித்து, போட்ட ரூபாயில் அறுபது பைசாதான் திரும்பியிருந்தது. அந்த 76 லட்சத்தைத் தனி மதிப்பீட்டாளர்தான் போட்டிருக்கிறார், பொய்க்கணக்கு இல்லை. ஆனால் சந்தையில் விலை ஓடாத பங்குக்கு மதிப்பு என்பது, வாங்க ஒருவன் வரும்வரை எழுத்துதான். தோப்பை விற்கும்போது கைடுலைன் மதிப்பு ஒன்று, ஆள் கொடுத்த விலை ஒன்று என்று பார்த்தவனுக்கு இது புரியாமல் போனது என் கெட்ட நேரம்.

ஓட்டைச் சம்மதம் என்றே போட்டேன். எங்கள் ஃபண்ட் 400 கோடி, அதில் என் பங்கு கால் சதவீதம். எதிர்த்துப் போட்டு ஜெயித்தாலும், மிஞ்சிய கம்பெனிகளை அவசரத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளுவார்கள். 2025 ஜனவரியில் இன்னும் 38 லட்சம் வந்தது. இப்போது மிச்சம் ஒரே ஒரு கம்பெனி, என் பங்கு 21 லட்சம் என்று எழுதியிருக்கிறார்கள். 76 என்று சொன்னது 59 ஆகிவிட்டது. அந்த 21ம் முழுசாக வந்துவிடும் என்று வைத்து, கட்டிய தேதியும் வந்த தேதியும் போட்டு எக்செல்லில் `XIRR` பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம். வங்கி வைப்பில் போட்டிருந்தால் அதைவிட வந்திருக்கும், நகையும் பீரோவிலேயே இருந்திருக்கும்.

வரி விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகையில், தொழில் வருமானம் தவிர ஃபண்டின் மற்ற வருமானம் நம் வருமானமாகவே கணக்கு. 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், 64சி என்ற படிவம் அனுப்புவார்கள். சில வருடம் நம் கைக்குக் காசே வராமல், அந்தப் படிவத்தில் மட்டும் வருமானம் வரும். அதற்கும் வரி கட்டித்தான் ஆக வேண்டும். படிவம் வராமல் ரிட்டர்ன் போடாதீர்கள், ஒரு வருடம் அவசரப்பட்டுத் திருத்திப் போட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும், 2024 கடைசியில் வேறொரு ஃபண்ட்காரர்கள் அதே கடற்கரைச் சாலைக்கு அழைத்தபோது போனேன். வேடிக்கை பார்க்கத்தான். இந்த முறை பிபிஎம்மை வாங்கி ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்தேன். பதிவு எண் `IN/AIF2/` என்று தொடங்குகிறதா, செபி இணையதளத்துப் பட்டியலில் அதே பெயரில் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. மேனேஜர் தரப்பு தன் பணமாக எவ்வளவு போடுகிறது என்று தேடினேன். மொத்த நிதியில் 2.5 சதவீதம் அல்லது 5 கோடி, இதில் எது குறைவோ அது செபி கேட்கிற கட்டாயம். இவர்கள் அந்தக் கட்டாயத்துக்கு மேல் ஒரு பைசா போடவில்லை. 500 கோடி நிதியில் 5 கோடி என்றால் ஒரு சதவீதம்தான்.

கூட்டத்தில் இரண்டே கேள்வி கேட்டேன். நேரடித் திட்டத்தில் கட்டணம் எவ்வளவு? 2023லிருந்து எல்லா ஏஐஎஃப்பும் இடைத்தரகர் இல்லாத நேரடித் திட்டம் தர வேண்டும். என் பழைய முதலீட்டில் வங்கிக்கு முதல் வருடமே 2 லட்சம் கமிஷன் போயிருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இப்போது முன்கூட்டித் தருவது மொத்தக் கமிஷனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கேள்வி கேட்டதும் அழைத்து வந்த அதிகாரியின் முகம் மாறியது. ஆனால் விவரம் கொடுத்தார்கள்.

அடுத்தது, "உங்க முதல் ஃபண்டில் கட்டின நூறு ரூபாய்க்கு இதுவரை ரொக்கமா எவ்வளவு திரும்பியிருக்கு?" மேடையில் இருந்தவர் ஒரு கம்பெனியை விற்றதில் 34 சதவீத லாபம் என்று ஆரம்பித்தார். அது ஒரு மரம் சார், நான் தோப்பைக் கேட்கிறேன் என்றேன். அனுப்பி வைக்கிறேன் என்றார். இரண்டு முறை ஞாபகப்படுத்தியும் வரவில்லை. நானும் போடவில்லை.

என் மைத்துனருக்கு அதில் ஆசை விடவில்லை. "மாமா, நீங்க அம்பது, நான் அம்பது, உங்க பேர்ல போட்டுடலாம்" என்றார். அந்த ஒரு கோடியில் கூட்டாகச் சேரக் கணவன் மனைவிக்கோ, பெற்றோர் பிள்ளைக்கோதான் இடம், மைத்துனனுக்கு இல்லை. பேரை மறைத்துச் சேர்ந்தால் கேட்பு மெயில் வருகிற அன்று அவரிடம் காசு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பறிபோவது என் யூனிட். 2020 ஜூலையைச் சொன்னேன். ஒரு மாதம் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டார்.

எங்கள் பழைய ஃபண்டுக்கு இரண்டாவது நீட்டிப்பும் இந்த 2026 மார்ச்சோடு முடிகிறது. அப்புறம் கலைக்க ஒரு வருடம். அதற்குள் அந்தக் கடைசிக் கம்பெனி விற்காவிட்டால், மதிப்பில் 75 சதவீதம் பேர் சம்மதத்தோடு இன்னும் அவகாசம் எடுக்கலாம், அதுவும் கிடைக்காவிட்டால் பணத்துக்குப் பதிலாகப் பங்காகவே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். போன வாரம் என் டீமேட் கணக்கு எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. எதற்கு என்று அதில் எழுதவில்லை.