துருசடி அளவுகோலும் எட்டு மடங்கு சூமும்

எங்கள் ஊர்க் குளத்தின் துருசடியில் நடப்பட்டிருக்கும் நீர்மட்ட அளவுகோலின் இலக்கங்களை, ஒருவாறாகக் கைத்தொலைபேசியிலேயே தெளிவாகப் பிடித்துவிட்டேன். கொக்கும் நாரையும் பறந்துவிடும். அளவுகோல் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதால்தான், சூம் செய்வதா கிட்டப் போவதா என்ற சோதனைக்கு அதைத் தெரிந்தெடுத்தேன்.

குளக்கட்டில் ஏறத்தாழ 80 மீற்றர் தள்ளி நின்று எட்டு மடங்கு சூம் செய்து எடுத்த படத்தில், 3 எது, 8 எது என்று பிரித்தறிய முடியவில்லை. கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். சாதாரணப் பிரதான வில்லை, நாம் நிற்கும் தூரத்தின் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று அதிகமான அகலத்தைப் படத்துக்குள் அடக்குகிறது. ஆகவே 80 மீற்றரில் சுமார் 107 மீற்றர் அகலமான காட்சி 4000 பிக்சல்களுக்குள் வருகிறது. 10 சென்ரிமீற்றர் உயர இலக்கம் ஒன்றுக்கு நான்கு பிக்சல்கூடத் தேறாது. டிஜிற்றல் சூம் செய்வதெல்லாம் 12 மெகாபிக்சல் படத்தின் நடுவில் 500க்கு 375 என்ற சிறு துண்டை வெட்டியெடுத்து, அதை மறுபடி முழு அளவுக்கு இழுப்பதுதான். அந்த நான்கு பிக்சல்கள் முப்பதாகின்றன. ஆனால் இடையில் நிரப்பப்பட்டவை அயற்பிக்சல்களைப் பார்த்துக் கணித்த ஊகங்களே.

படத்தின் அப்பிய தோற்றம் வேறு இடத்தில் இருந்தும் வருகிறது. வெட்டிய துண்டில், இரைச்சல் எனப்படும் கமரா உணரியின் பொய்ப் புள்ளிகளும் சேர்ந்தே பெரிதாகின்றன. நுண்ணிய விவரம் எது, இரைச்சல் எது என்று மென்பொருளால் பிரிக்க முடியாதபோது இரண்டையும் சேர்த்தே வழித்துவிடுகிறது. பின்னர் விளிம்புகளைக் கூர்மையாக்குகிறது. விளைவு, ஈரச் சுவரில் தூரிகை இழுத்ததுபோன்ற பரப்பும், இலக்கத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடும். படத்தை விரித்துப் பார்க்கும்போது அந்த வெள்ளைக் கோடு தென்பட்டால், கை ஆடியதால் வந்த மங்கல் அல்ல என்று கொள்ளலாம். கை ஆட்டம் எல்லாவற்றையும் ஒரே திசையில் இழுக்கும்.

துருசுப் படிவரை இறங்கி, 20 மீற்றரில் சூம் இல்லாமல் எடுத்தபோது அதே இலக்கத்துக்குப் பதினைந்து பிக்சல்கள் கிடைத்தன. அவை அத்தனையும் உண்மையான ஒளியைப் பெற்றவை. தூரம் பாதியானால் உயரத்திலும் அகலத்திலும் இருமடங்கு, மொத்தத்தில் நான்கு மடங்கு விவரம் சேரும். ஒன்று மட்டும் மாறும்: கிட்டப் போனால் கோல் பெரிதாகி, அக்கரைப் பனைகள் ஒப்பளவில் சிறுத்துவிடும். சூமில் அந்த விகிதம் மாறாது.

கடையொன்றில் வாங்கிய, தொலைபேசியில் கொளுவும் தொலைவில்லை ஓரங்களில் ஊதாக் கரையைத்தான் தந்தது. அதைப்பற்றிப் பிறகு எழுதுகிறேன். தனித் தொலைவில்லை உள்ள தொலைபேசி வைத்திருப்போர், அந்த வில்லையை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருளாவிட்டால், அங்கும் பிரதான வில்லையின் படம்தான் வெட்டப்படுகிறது; மங்கலான வெளிச்சத்தில் பல தொலைபேசிகள் இப்படித்தான் செய்கின்றன.

அடுத்து சங்குவளை நாரை. ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரப் பறவையே 80 மீற்றரில் 37 பிக்சல்தான் என்பதால், விடியுமுன் மருதமர வேர்களுக்குள் போய் அமர்ந்து, அவை மேய்ந்தபடி கிட்ட வரும்வரை காத்திருக்க எண்ணியிருக்கிறேன். வெயில் ஏறினால் நீர்மேல் காற்று அலையத் தொடங்கிவிடும். அதற்குமுன் முடித்தாக வேண்டும்.