உறைந்த தேங்காயும் என் மிக்ஸியும்

ஜனவரி 8
பெரியவள் டொரொண்டோவிலிருந்து கூப்பிட்டாள். இங்கே காலை ஏழு மணி, அவளுக்கு முந்தின நாள் இரவு எட்டரை. உறைந்த தேங்காய்த் துருவலில் சட்னி அரைத்தால் வெண்ணெய் மாதிரி திரள்கிறதாம். தேங்காய் கெட்டதா அம்மா என்று ஜாரைக் கேமராவில் சாய்த்துக் காட்டினாள். மூடியில் வெள்ளைப் பிசுக்கு, அடியில் நீர்த்த பால். கெட்டிருந்தால் சிக்கு வாடை வருமே. வரவில்லை என்றாள்.

ஜனவரி 9
நேற்று இரவே ஒரு மூடி துருவி ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் பாதியை ஃப்ரிட்ஜ் தண்ணீர் விட்டு அப்படியே அரைத்தால், அவள் காட்டிய அதே கண்ராவி! மீதியை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் அந்தத் தண்ணீரோடேயே அரைத்தேன், வழக்கம்போல வந்தது. யோசித்தால் சாதாரண விஷயம்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும், மார்கழியில் நம் வீட்டு பாட்டிலே காலையில் கட்டியாகிவிடுகிறது. சில்லென்ற துருவலை மிக்ஸி அடிக்க அடிக்க, கடைந்த மாதிரி கொழுப்பு தனியாகத் திரளுகிறது. திரண்டதையும் கொட்டவில்லை, வெந்நீர் விட்டு இன்னொரு சுற்று விட்டதில் பெரும்பாலும் சேர்ந்துவிட்டது. அவளிடம் இருக்கும் உலர்ந்த துருவலுக்கும் வெந்நீர்தான், ஆனால் அரைமணி ஊறவேண்டும். அது குழம்புக்கு அரைத்துவிடலாம், சட்னிக்கு வேண்டாம், சக்கையாக நாக்கில் நிற்கும்.

ஜனவரி 12
முருங்கைக்காய் இப்போது விற்கிற விலைக்கு இதையெல்லாம் செய்து பார்ப்பது கொழுப்புதான். மூன்று நாள் ஃப்ரீசரில் கிடந்த துண்டுகளில் பாதியை வெளியே வைத்து, ஐஸ் விட்டதும் புளித்தண்ணீரில் போட்டு வழக்கம்போலக் கால்மணி கொதிக்கவிட்டேன். தோல் தனி, நார் தனி, சதை சாம்பாரில் கரைந்தே போனது. உறையும்போதே உள்ளே ஐஸ் குத்திக் காயைத் தளர்த்திவிடுகிறது போல. மீதியைப் பருப்பு சேர்த்த பிறகு, உறைந்தபடியே கொதியில் போட்டு ஏழு நிமிடத்தில் இறக்கினேன். முழுசாக இருந்தது. இவர் இரண்டு சாம்பாரையும் சாப்பிட்டுவிட்டு, முதல் கிண்ணத்தைப் பார்த்து "இதென்ன தேங்காய் நாரா?" என்கிறார்.

ஜனவரி 13
கறிவேப்பிலை. இங்கே காய்கறிக்காரர் கொசுறாகத் தருவதை அவள் பாக்கெட்டாக உறைய வைத்து வாங்குகிறாள். வெளியே எடுத்து வைத்தால் கறுத்துத் துவண்டுவிடும், எனவே ஃப்ரீசரிலிருந்து நேராகத் தாளிப்புக்கு. ஐஸ் பட்டால் எண்ணெய் வெடிக்கும், அடுப்பைக் குறைத்துவிட்டுப் போடு, மூடி கையில் இருக்கட்டும் என்றேன். காய்ந்த இலையைத் தாளித்தால் நொடியில் கருகும், வாசனையும் கிடையாது. பொடிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 14
போட்டோ வந்தது. சட்னி வெள்ளையாக, திரளாமல். தாளித்த இலைதான் கொஞ்சம் கறுப்பு. மூடியைத் தேடுவதற்குள் கருகிவிட்டதாம்.