போவேயில் நிமிர்ந்து பார்த்த கழுத்து

பாரிஸிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் போவே. ஊர் சாதாரணம்தான். தேவாலயத்துக்குள் நுழைந்ததும்தான் கழுத்து பின்னால் சாய்ந்தது. கூரை 48 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கோதிக் தேவாலயங்களில் இதைவிட உயரமான கல் கூரை கிடையாது.

இவ்வளவு உயரத்தில் கல்லை நிறுத்த மூன்று வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. கூரையைக் குடை என்று வைத்துக்கொள்ளுங்கள். குடைக்கம்பிபோல ஓடும் கல் விலாக்கள் பாரத்தை வாங்கித் தூண் தலைகளில் இறக்குகின்றன. இடையில் இருப்பது மெல்லிய கல் போர்வை. வளைவுகள் எல்லாம் கூர் வளைவுகள். அரைவட்ட வளைவின் உயரம் அகலத்தில் பாதிதான், மாற்ற முடியாது. கூர் வளைவை வேண்டிய அளவுக்கு உயர்த்தலாம். பக்கவாட்டில் அது தள்ளுவதும் குறைவு.

குறைவே தவிர, இல்லாமல் போகாது. அந்தத் தள்ளலை வாங்கத்தான் வெளியே உதைகால்கள். சாயும் சுவருக்கு மூங்கில் முட்டுக் கொடுப்போமே, அதேதான், கல்லில். பக்கக் கூடங்களின் கூரைக்கு மேலே வளைந்து தாவி, அந்தத் தள்ளலைச் சற்று விலகி நிற்கும் கனத்த தூண்களிடம் சேர்க்கின்றன.

அப்புறம் சுவருக்கு என்ன வேலை? ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால் மேலே சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடி. வெளிர் கண்ணாடிக்கு நடுவே பட்டையாக வண்ண உருவங்கள். மேகம் விலகியபோது எதிர்த் தூணில் சிவப்பும் நீலமுமாகத் திட்டுகள் விழுந்தன. மறுபடி மேகம், தூண் பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது.

ஆனால் இந்தக் கட்டடம் தன் எல்லையைத் தொட்டுப் பார்த்த ஒன்று. 1272இல் முடிந்த கூரையின் ஒரு பகுதி 1284இல் இடிந்து விழுந்தது. ஏன் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. திருப்பிக் கட்டியவர்கள் பழைய தூண்களுக்கு நடுவில் புதுத் தூண்களைச் செருகினார்கள். அதை இன்றும் கண்ணால் பிடிக்கலாம்: பீடத்தை ஒட்டிய பகுதியில் வளைவுகள் ஒடுங்கி, நெருக்கியடித்து நிற்கின்றன. நாலாகப் பிரிந்த கூரைக் கட்டங்கள் அங்கே ஆறாகப் பிரிகின்றன.

அதோடு விட்டார்களா? இல்லை. 1569இல் தரையிலிருந்து 153 மீட்டர் உயரம் வரும்படி கோபுரம் ஒன்றை மேலே ஏற்றினார்கள். நான்கே வருடத்தில் அதுவும் சரிந்தது.

வெளியே சுற்றி வந்தபோது உதைகால்களுக்கு இடையே இரும்புக் கம்பிகள் தெரிந்தன. அழகைக் கெடுக்கிறதென்று 1960களில் கம்பிகளைக் கழற்றியிருக்கிறார்கள். காற்றில் உதைகால்கள் ஆட ஆரம்பித்ததும் மறுபடி மாட்டிவிட்டார்கள். உள்ளேயும் ஒரு பக்கம் பெரிய மரச் சட்டங்கள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. படம் எடுக்கத்தான் இடைஞ்சல்.

மேற்குப் பக்கம் போனால் தேவாலயம் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. மக்கள் கூடும் நீண்ட மண்டபம் கட்டப்படவே இல்லை. அது வந்திருக்க வேண்டிய இடத்தில், இடிக்க நேரம் வராமல் தப்பித்த பத்தாம் நூற்றாண்டுச் சின்னத் தேவாலயம் ஓட்டுக் கூரையோடு உட்கார்ந்திருக்கிறது.