ஒரே தொகையாகத் தெரிந்த இரண்டு திருப்பங்கள்

குன்னூரில் தேயிலையைப் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பொறுப்பில் இருக்கிறேன். ஜிஎஸ்டியில், வாங்கும் பொருளுக்குக் கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள உதவும் உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கொடுப்பதில் நாங்கள் செய்த ஒரு பிழையும் அதைச் சரிசெய்த விதமும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 3 தேதியிட்ட பில் ஒன்றின் பேரில் கோயம்புத்தூரிலிருந்து அச்சிட்ட பைகள் வந்தன. சரக்கின் மதிப்பு 2,00,000 ரூபாய், 18 சதவீத வரி 36,000 ரூபாய். வரி முழுவதையும் அந்த மாதமே வரவாக எடுத்துக்கொண்டோம். அச்சின் நிறத்தைப் பற்றி ஒரு தகராறு எழுந்ததால் 1,18,000 ரூபாயை மட்டும் கொடுத்து, மீதிப் பாதியை நிறுத்தி வைத்தோம். பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் மதிப்பும் வரியும் சேர்ந்த தொகையை விற்றவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால், கொடுக்காத பங்குக்கு உரிய வரவைத் திருப்ப வேண்டும் என்று விதி 37 சொல்கிறது. அந்த 180ஆவது நாள் செப்டம்பர் 30. ஆனால் எங்கள் லெட்ஜரில் பில் பதிவாகியிருந்தது லாரி வந்து சேர்ந்த ஏப்ரல் 6ஆம் தேதியில். அதனால் செப்டம்பர் இறுதியில் எடுத்த நிலுவைப் பட்டியலில் அது வரவேயில்லை. நல்லவேளையாக, அக்டோபர் மாதத்து வரி அறிக்கையான GSTR-3B தாக்கலுக்கு முன் பில்களைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அது கண்ணில் பட்டது. பாதி நிலுவை என்பதால் பாதி வரியான 18,000 ரூபாயைத்தான் திருப்ப வேண்டும். 36,000 முழுவதையும் திருப்பத் தேவையில்லை. இதற்குப் பிரிவு 50இன்படி வட்டியும் உண்டு. பின்னாளில் பணத்தைக் கொடுத்தால் வரவு திரும்பி வரும், கட்டிய வட்டி வராது.

அதே அக்டோபரில் பருவமழை பிடித்துக்கொண்டது. கிடங்கின் கூரை ஒழுகி, வேறொரு பழைய பில்லில் வந்த, பணம் முழுவதும் கொடுத்து முடித்த பைகள் நனைந்துவிட்டன. பெட்டியைத் திறந்து பார்த்தபோது பைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன; பிரித்தால் அச்சு உரிந்து அடுத்த பையோடு போயிற்று. 50,000 ரூபாய் மதிப்புள்ள அந்தச் சரக்கை இருப்பிலிருந்து தள்ளுபடி செய்தோம். அழிந்த, தொலைந்த, தள்ளுபடி செய்த பொருளுக்கு வரவு கிடையாது என்கிறது பிரிவு 17(5)(h). இருப்புக் கணக்கில் வரியில்லாத விலைதான் இருக்கும் என்பதால், பழைய கொள்முதல் பில்லைத் தேடி எடுத்து அதன் வரி 9,000 ரூபாய் என்று உறுதிசெய்துகொண்டோம்.

பிழை நடந்தது இதற்குப் பிறகுதான். இரண்டும் வரவைத் திருப்புவதுதானே என்று எண்ணிய இளைய கணக்கர் 18,000, 9,000 இரண்டையும் கூட்டி 27,000 ரூபாயை அக்டோபர் 3B-யில் 4(B)(2) என்ற இடத்தில் போட்டுவிட்டார். பிறகு திரும்ப எடுக்கக்கூடிய தொகைகளுக்கு உரிய இடம் அது. 17(5)இன் கீழ் நிரந்தரமாகப் போகும் தொகை 4(B)(1)இல் வர வேண்டும். மாதாமாதம் நான் மொத்தத் தொகையைத்தான் சரிபார்த்தேன், எந்த வரிசையில் இருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. அந்தப் பொறுப்பு என்னுடையது.

2025 ஜனவரியில் தகராறு தீர்ந்து மீதிப் பணத்தைக் கொடுத்தோம். இப்படித் திரும்ப எடுப்பதற்குப் பிரிவு 16(4)இன் காலக்கெடு பொருந்தாது என்றாலும், அந்த மாதமே எடுத்துவிடச் சொன்னேன். போர்ட்டலில், திருப்பியதையும் திரும்ப எடுத்ததையும் காட்டும் அறிக்கையில் 27,000 ரூபாய் நிலுவை இருந்தது. வரவு எடுக்கும் 4(A)(5)இலும், திரும்ப எடுத்ததைக் காட்டும் 4(D)(1)இலும் அதே தொகை ஏறியது. நிலுவையைத் தாண்டாத தொகை என்பதால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. போர்ட்டல் கூட்டுத் தொகையைத்தான் அறியும், நனைந்த பையை அது அறியாது.

ஆகஸ்டில் ஆண்டு அறிக்கைக்காகத் தள்ளுபடிக் கணக்கை எடுத்து 4(B)(1)உடன் ஒப்பிட்டேன். ஒரு பக்கம் 50,000 ரூபாய் சரக்கு தள்ளுபடியாகியிருக்க, மறுபக்கம் பூஜ்யம். கேட்டதற்கு இளைய கணக்கர், “சார், நிலுவை 27,000 காட்டியது, அதனால் முழுவதையும் எடுத்துவிட்டேன்” என்றார். தாக்கல் செய்த 3B-யைத் திருத்த வழியில்லை. எனவே அந்த மாதத்து அறிக்கையில் 9,000 ரூபாயை 4(B)(1)இல் திருப்பினோம். தவறாக எடுத்த வரவைப் பயன்படுத்தியிருந்தால்தான் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி; வரவுக் கணக்கின் இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினால்தான் பயன்படுத்தியதாகக் கொள்வார்கள். எங்கள் இருப்பு ஜூனில் இறங்கியிருந்தது. அந்த நாளிலிருந்து கணக்கிட்டு வட்டியைக் கட்டினோம்.

இப்போது திருப்பும் ஒவ்வொரு தொகைக்கும் தனி வவுச்சர் போடுகிறோம். பணம் கொடுக்காத பில்லென்றால் பில் எண்ணும் பில் தேதியும் 180ஆவது நாளும் அதில் இருக்கும். தள்ளுபடி என்றால் கொள்முதல் பில்லின் நகலையும் கிடங்குப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட சேதக் குறிப்பையும் சேர்த்துக் குத்தி, மேலே சிவப்பு மையில் “4(B)(1), திரும்ப எடுக்கக் கூடாது” என்று அந்த இளைய கணக்கரே எழுதுகிறார்.