முந்தின ராத்திரி குடித்துவிட்டு ரத்தம் கொடுக்கப் போனேன்

நண்பனின் அப்பாவுக்கு ஆபரேஷன், இரண்டு யூனிட் ரத்தம் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் போன் வந்தது. சனிக்கிழமை ராத்திரி ஒரு கல்யாண வரவேற்பில் பத்து மணிக்கு ஆரம்பித்து பன்னிரண்டுக்குள் ஒரு குவார்ட்டர் குடித்திருந்தேன். தலை லேசாகக் கனத்தது, மற்றபடி தெளிவாகத்தான் இருந்தேன். குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, எட்டரைக்கு ரத்த வங்கியில் நின்றேன்.

படிவத்தில் 24 மணி நேரத்துக்குள் மது அருந்தினீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது, நண்பன் வெளியே காத்திருக்கிறான். 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. நாடித்துடிப்பு 108 வந்தது, 100க்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்களாம். அந்த டாக்டரம்மா படிவத்தை மூடி வைத்துவிட்டு, "நேத்து எவ்வளவு குடிச்சீங்க தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். சொல்லிவிட்டேன்.

அவர் கணக்குப் போட்டே காட்டினார். 180 மில்லி பிராந்தியில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம், உடம்பு ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும், அதனால் முழுதும் கரைய எட்டு மணி நேரமாவது ஆகும், ஆளுக்கு ஆள் இன்னும் கூடும். அப்படியானால் விடியற்காலையிலேயே தீர்ந்திருக்குமே என்றேன். "ரத்தத்துல தீர்ந்திருக்கலாம், உடம்புல தண்ணி இல்லையே" என்றார். மது சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கிறது, தூக்கத்தையும் கெடுக்கிறது, ஏற்கெனவே வறண்டிருக்கிற உடம்பிலிருந்து 350 மில்லி எடுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் போட்டு விழுவார்கள், படுக்கையிலிருந்து எழுந்த பிறகு வழியில் விழுகிறவர்களும் உண்டு. நோயாளிக்குப் போகிற ஆல்கஹால் கொஞ்சம்தான், அது அவர் உடம்பில் கலந்து நீர்த்துவிடும், பெரிய ஆபத்து கொடுக்கிறவருக்கே என்பது எனக்குப் புதிய செய்தி. போதையில் இருப்பவர் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்ல மாட்டார், அதில் மறைகிற விஷயம்தான் நோயாளியைப் பாதிக்கும் என்றும் சொன்னார். தினமும் அதிகமாகக் குடிக்கிறவருக்கு ஒரு நாள் இடைவெளி போதாது, அவரிடம் எடுப்பதே இல்லை.

அன்றைக்கு என் தம்பி போய்க் கொடுத்தான். நான் குடிக்காமல், நன்றாகத் தண்ணீர் குடித்து, ஏழு மணி நேரம் தூங்கி, செவ்வாய்க்கிழமை போனேன், கடைசி கிளாஸிலிருந்து 57 மணி நேரம். நாடி 82. விரலில் குத்தி எடுத்த சொட்டு நீல நிறக் கரைசலில் நேராக அடியில் இறங்கியது, அப்படி இறங்கினால் ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையவில்லை என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் பை நிறைந்தது. பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்து, இன்றைக்கு ராத்திரியும் குடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.