கோடில்லாத இன்வாய்ஸில் நெடுவரிசை தேடியது

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் மாமா மசாலாக் கடை வைத்திருக்கிறார். சரக்கு வரும் இன்வாய்ஸ்களில் பாதி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்தவை. ரிப்பன் மங்கி, கட்டக் கோடுகள் இருந்தும் இல்லாத மாதிரிதான். அவற்றை ஸ்கேன் செய்து கணக்கில் ஏற்ற ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கோடுகளைத் தேடிப் பார்த்தேன். துண்டு துண்டாகத்தான் கிடைத்தன, விட்டுவிட்டேன். கோடு போனாலும் நெடுவரிசைகளுக்கு நடுவில் வெற்றிடம் இருக்கிறதே! படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் நிரல் ஒவ்வொரு சொல்லையும் சுற்றித் தரும் சொற்பெட்டிகளில், தலைப்பு வரிக்குக் கீழே, மொத்தத் தொகைக்கு மேலே உள்ளவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பிக்சல் நிலையிலும் எத்தனை பெட்டிகள் விழுகின்றன என்று எண்ணினேன்.

```python
cover = np.zeros(img.shape[1], int)
for x, w in boxes:
    cover[x:x+w] += 1
```

எண்ணிக்கை பூஜ்யமாகும் இடம் நெடுவரிசை எல்லை. இதற்கு முன் படத்தின் சாய்வை நேராக்கியே ஆக வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தாலே 2000 பிக்சலுக்கு 35 பிக்சல் விலகிவிடும்.

பார்க்க நன்றாக வந்தது. மாமா திரையைப் பார்த்துவிட்டு, "ஆயிரத்தையெல்லாம் எங்கே விட்டே, தம்பி?" என்றார். மூன்று வரிகளின் தொகை 1 254,00, 2 310,00, 486,00. கூட்டினால் 4 050,00 வர வேண்டும். எனக்கு வந்தது 1 050,00. சரியாக மூவாயிரம் குறைவு.

காரணம் இந்த ஊர் எழுத்துமுறை. ஆயிரத்துக்குப் பிறகு காற்புள்ளி போடாமல் இடம் விடுகிறார்கள், காற்புள்ளி சென்ட்டுக்கு. தொகைகள் வலப்பக்கம் ஒட்டி நிற்பதால் அந்த இடைவெளி எல்லா வரியிலும் ஒரே நேர்க்கோட்டில் விழுந்து, ஒரு பொய் நெடுவரிசையை உண்டாக்கியிருக்கிறது. 1, 2 இரண்டும் தனி நெடுவரிசைக்குப் போய்விட்டன.

அப்புறம் அளந்தேன். அங்குலத்துக்கு 10 எழுத்து அடிக்கும் பிரிண்டர், 300 டிபிஐ ஸ்கேன், ஆகவே ஓர் எழுத்துக்கு 30 பிக்சல். எண்ணுக்குள் இருக்கும் இடைவெளி 40 பிக்சலுக்குள் அடங்கியது. உண்மையான நெடுவரிசை இடைவெளி 65-க்குக் கீழே இறங்கவில்லை. ஒன்றரை எழுத்து அகலம், அதாவது 45 பிக்சலை எல்லையாக வைத்து, அதற்குக் குறைந்த வெற்றிடங்களைச் சேர்த்துவிட்டேன். ஆயிரங்கள் திரும்பி வந்தன.

ஒரு சப்ளையரின் தாளில் மட்டும் இது தோற்றது. அளவுக்கும் விலைக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்து இடம்தான், அதனால் 12-உம் 104,50-உம் சேர்ந்து 12 104,50 ஆகிவிட்டது. அகலத்தை வைத்து இதைப் பிரிக்க வழியில்லை. கணக்குத்தான் காட்டிக்கொடுக்கும்: பிரித்து 12 × 104,50 போட்டால் 1 254,00, தொகையோடு ஒத்துப்போகிறது. இப்போது சந்தேகமான ஒவ்வொரு இடைவெளியையும் பிரித்தும் சேர்த்தும் பெருக்கிப் பார்த்து, எல்லா வரியிலும் பொருந்துவதை எடுத்துக்கொள்கிறேன். எதுவுமே பொருந்தாத தாளைத் தனியே வைத்து மாமாவிடம் காட்டுகிறேன்.

அடுத்து, பொருள் பெயர் நீண்டு இரண்டாம் வரிக்கு இறங்கும்போது அது தனி வரிசையாக எண்ணப்படுவதைப் பார்க்க வேண்டும். தொகை இல்லாத வரியை மேல் வரியோடு சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் இலவசச் சரக்குக்குத் தொகையே போடாத தாளும் ஒன்று கையில் இருக்கிறது.