கேள்வியில் இல்லாத வரி

மருத்துவ மாணவர்களின் தேர்வுக்கு அந்தக் கேள்வியை நான்தான் எழுதினேன். 24 வயது இளைஞன். மூன்று வாரமாக மனச்சோர்வு, எதிலும் நாட்டமில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறான். கடந்த பத்து நாளாக, ‘நீ பாவி, சாக வேண்டியவன்’ என்று ஒரு குரல் காதில் கேட்கிறது. கைநடுக்கமும் உண்டு. எந்த வகை மருந்து?

நடுக்கத்தைப் பார்த்துப் பதற்றநோய் என்று முடிவு கட்டுபவர்கள் பதற்றம் தணிக்கும் பென்சோடயசிபைன் பக்கம் போவார்கள். குரலைப் பார்த்து மனச்சிதைவு என்பவர்கள் குரலை அடக்கும் ஆன்டிசைக்கோட்டிக் மட்டும் போதும் என்பார்கள். நான் எதிர்பார்த்தது வேறு. சோர்வு முதலில் வந்தது, குரல் அதன் பின்னால் வந்து சோர்வின் பேச்சையே பேசுகிறது. ஆகவே இது மனமயக்கத்துடன் கூடிய மனச்சோர்வு. சோர்வைப் போக்கும் ஆன்டிடிப்ரசன்ட்டும் ஆன்டிசைக்கோட்டிக்கும் சேர்ந்தே தேவை. மனச்சிதைவாக இருந்தால் சோர்வு விலகிய நாட்களிலும் குரல் ஓயாது.

ஒரு மாணவி ஆன்டிசைக்கோட்டிக் மட்டும் என்று குறித்திருந்தாள். மனச்சிதைவு என்று நினைத்துவிட்டாள் போலும் என்றிருந்தேன். அவள் எழுந்து, “சார், இந்த வயதிலேயே குரலோடு வரும் சோர்வு என்றால் இருதுருவ நோயாகவும் இருக்கலாமே? முன்பு மேனியா, அதாவது அளவுகடந்த உற்சாகம், வந்ததா என்று கேள்வியில் இல்லை. வந்திருந்தால் ஆன்டிடிப்ரசன்ட் அவனை மறுபடி மேனியாவில் தள்ளிவிடாதா? குவெட்டியாபின் போன்ற ஆன்டிசைக்கோட்டிக் அந்தச் சோர்வுக்கும் உதவுமே?” என்றாள்.

“கேள்வியில் இல்லாதது நோயாளியிடமும் இல்லை” என்றேன். வகுப்பு சிரித்தது. மதிப்பெண் தரவில்லை.

தேர்வில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். கொடுத்ததை வைத்துத்தான் விடை சொல்ல வேண்டும். நான் சொன்னதில் தவறில்லை. தவறில்லை என்று இத்தனை முறை சொல்லிக்கொள்வதுதான் உறுத்துகிறது.

சில வாரம் கழித்து, புறநோயாளர் பிரிவுக்கு ஏறக்குறைய அதே கதையோடு ஒரு பையன் வந்தான். “எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகமாக இருந்ததுண்டா?” என்றேன். இல்லை என்றான். வழக்கமாக அங்கேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அன்று அவன் அக்காவிடம் திரும்பி, “தூக்கமே தேவைப்படாமல் சுறுசுறுப்பாகத் திரிந்த நாட்கள்?” என்று கேட்டேன். “இரண்டு வருடத்துக்கு முன் பத்து நாள் இருக்கும், டாக்டர். இரவில் இரண்டு மணி நேரம்தான் தூங்குவான். கடன் வாங்கி மூன்று கைப்பேசி வாங்கினான். பிழைக்கத் தெரிந்துகொண்டான் என்று சந்தோஷப்பட்டோம்” என்றார். கையிலிருந்த சீட்டில் ஆன்டிடிப்ரசன்ட்டின் முதல் எழுத்தை ஏற்கெனவே எழுதியிருந்தேன்.

அந்த மாணவி கேட்டிராவிட்டாலும் அக்காவிடம் திரும்பியிருப்பேனா? திரும்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இருபது வருட அனுபவம் இருக்கிறதே.

கேள்வியில் இப்போது ஒரு வரி சேர்த்துவிட்டேன்: ‘முன்பு அளவுகடந்த உற்சாகமோ தூக்கம் குறைந்த நாட்களோ இருந்ததில்லை என்று தாய் உறுதியாகச் சொல்கிறார்.’ அவளுடைய மதிப்பெண்ணை மட்டும் மாற்றவில்லை. இந்த வருடம் ஏறக்குறைய எல்லோரும் சரியாக எழுதினார்கள். யாரும் எழுந்து எதுவும் கேட்கவில்லை.